பழைய வினாத்தாள் கேட்டு ஒரு மின்னஞ்சல்

செமஸ்டர் நெருங்கிவிட்டால், 'சார், பழைய கொஸ்டின் பேப்பரும் ஆன்சர் கீயும் அனுப்புங்க' என்று ஒற்றை வரியில் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போகும். பல நேரம் பதில் வராது. எந்தப் பாடம், எந்த ஒழுங்குமுறை என்று எதுவுமே அதில் இருக்காது. பதில் எழுதுவதற்கு அவரே நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.

வினாத்தாளைத் தருவதில் பேராசிரியருக்குத் தயக்கம் இருக்காது. அது ஏற்கெனவே மாணவர் கைக்கு வந்துபோன தாள்தான். விடைக்குறிப்பு அப்படியல்ல. அதே கணக்கை அடுத்த உள்தேர்விலும் கேட்க அவர் எண்ணியிருக்கலாம். அதனால் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2021 ஒழுங்குமுறையின் கீழ் இரண்டாம் செமஸ்டர் மின்னியல் படித்த ஒரு மாணவி இப்படி எழுதியிருக்கலாம். பொருள் வரியில் 'EE3251 – பழைய வினாத்தாள் வேண்டி' என்று பாடக் குறியீடு இருக்கட்டும்.

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் தங்களிடம் மின்சுற்றுப் பகுப்பாய்வு படிக்கும் முதலாண்டு மாணவி. 2017 ஒழுங்குமுறையின் EE8251 வினாத்தாள்கள் தங்களிடம் இருந்தால் தர இயலுமா? நூலகத்தில் கிடைத்தவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டேன். தெவனின் தேற்றக் கணக்கு ஒன்றில் விடை ஒத்துவரவில்லை; நான் போட்ட படிகளை இணைத்திருக்கிறேன். முழு விடைக்குறிப்பு தர இயலாது என்றால், 13 மதிப்பெண் எந்தெந்தப் படிக்குப் பிரியும் என்று மட்டும் சொன்னால் போதும். தங்களுக்கு வசதியான நேரத்தில் நேரிலும் வருகிறேன். நன்றி.' கீழே பெயர், பதிவு எண், பிரிவு.

இதில் பழைய குறியீட்டையும் சொன்னது முக்கியம். 2021 ஒழுங்குமுறையில் பாடத்தின் பெயரும் குறியீடும் மாறிவிட்டன. புதிய குறியீட்டை மட்டும் வைத்துத் தேடினால் முந்தைய தாள்கள் அகப்படாது. இன்னும் பின்னே போய் 2013 ஒழுங்குமுறைத் தாளை எடுத்தால் பெரிய வினாவுக்கு 16 மதிப்பெண். அதைப் பார்த்து விடையின் நீளத்தைப் பழகக் கூடாது.

அதைவிடப் பயன் தருவது அந்த இணைப்பு. சுற்றில் டிபெண்டன்ட் சோர்ஸ் இருக்கும்போது அதையும் சேர்த்து அணைத்துவிட்டு மின்தடையைக் கணக்கிட்டிருப்பாள். மாணவர் பலர் சறுக்கும் இடம் இது. படிகளைப் பார்த்ததும் ஆசிரியருக்குப் புரிந்துவிடும். 'டிபெண்டன்ட் சோர்ஸை அணைக்காதே. திறந்த சுற்றின் மின்னழுத்தத்தைக் குறுக்குச் சுற்றின் மின்னோட்டத்தால் வகுத்துப் பார்' என்று இரண்டு வரியில் எழுதிவிடுவார். விடைத்தாளை முழுசாகப் பார்த்து எழுதியிருந்தால், எங்கே பிசகினோம் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, கல்லூரி தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் தொடர்ச்சியாக ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அவர் தனக்கென்று அனுப்பிய விடைக்குறிப்பை, அவரைக் கேட்காமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு கேட்கப்போகும் மாணவருக்குக் கதவு அங்கேதான் அடைபடுகிறது.