வியாழன் மாலை ஐந்து மணி

ஜவுளிக்கடைகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் சிறு நிறுவனங்களில் வாரம் தவறாமல் நடக்கும் சண்டை ஒன்று உண்டு. “போஸ்ட் ஏன் இன்னும் வரலை?” என்று கடைக்காரர் கேட்பார். “நீங்க இன்னும் ஓகே சொல்லலையே சார்” என்பார்கள் இவர்கள். இதை போனில் பேசித் தீர்க்க முடியாது. கடிதம்தான் எழுத வேண்டும், அதுவும் நடந்ததை நாள் வாரியாகக் காட்டும் கடிதம்.

ஆடிப்பெருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலைத் தள்ளுபடிப் பதிவை வியாழன் மாலை 6 மணிக்கு வெளியிட்டு, கூடவே பணம் கட்டி விளம்பரமாகவும் ஓட்டுவது திட்டம். திங்கள் காலை வடிவமைப்பு வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. மேலாளர் கட்டைவிரல் காட்டுகிறார். புதன் இரவு முதலாளி பார்த்துவிட்டு, விலை 1,540 இல்லை, 1,450 என்கிறார். வியாழன் மதியம் அவருடைய மகன், படத்துக்குப் பதில் ரீல்ஸ் போடலாமே என்கிறார். வெள்ளி மாலை 4 மணிக்குத்தான் கடைசி ஓகே வருகிறது.

ஒரு நாள்தானே தள்ளிப்போயிற்று என்று கடைக்காரருக்குத் தோன்றும். அவருக்குத் தெரியாத கணக்கு இதற்குப் பிறகுதான் வருகிறது. விளம்பரம் கொடுத்த உடனே ஓடாது. மெட்டா நிறுவனம் அதைப் பரிசீலிக்கும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடியும், சில சமயம் கூடுதலாகவும் ஆகும். வெள்ளி இரவு 7 மணிக்குக் கொடுத்த விளம்பரம் சனி மாலைதான் ஓடத் தொடங்கலாம். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறுவரை மக்கள் கண்ணில் பட வேண்டியது, ஒரே ஒரு இரவும் மறுநாளும்தான் படும்.

சரி, முதலில் போட்டுவிட்டுப் பிறகு திருத்தலாமே? இன்ஸ்டாகிராமில் வெளியான பதிவின் எழுத்துக் குறிப்பைத் திருத்தலாம். படத்தையோ வீடியோவையோ மாற்ற முடியாது. விலை படத்துக்குள்ளேயே இருந்தால், நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. அதுவரை வந்த விருப்பங்களும் கருத்துகளும் அதோடு போய்விடும். ஓடுகிற விளம்பரத்தின் படத்தை மாற்றினாலோ மறுபடியும் பரிசீலனை.

கடிதத்தில் இந்த நாள் கணக்கை அப்படியே வைக்க வேண்டும், யார் மீதும் குறை சொல்லாமல். “உங்கள் தாமதத்தால்” என்று தொடங்கினால் அந்தக் கடிதத்தை யாரும் முழுக்கப் படிக்க மாட்டார்கள். அடுத்து, கெடு. இப்படி எழுதலாம்:

“வணக்கம் ஐயா. வரும் வாரத்திலிருந்து ஒரு முறை வைத்துக்கொள்ள விரும்புகிறோம். அடுத்த வாரத்துக்கான எல்லாப் பதிவுகளையும் செவ்வாய் மதியம் 12 மணிக்குள் ஒரே தொகுப்பாக அனுப்புவோம். திருத்தங்களையும் விலையையும் வியாழன் மாலை 5 மணிக்குள் ஒரே பதிலில் சொல்லிவிடுங்கள். வெள்ளியன்று திருத்தி அனுப்புவோம். சனி மதியத்துக்குள் சரிபார்த்துச் சொன்னால் நேரம் குறித்து வைத்துவிடுவோம். கடைசி வார்த்தை யாருடையது என்று ஒரு பெயரை மட்டும் தெரிவியுங்கள். அவர் ‘ஓகே’ என்று எழுதினால்தான் ஒப்புதல். கட்டைவிரல் குறியை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.”

ஒரே பெயர் என்ற வரிதான் இதில் முக்கியம் என்பேன். மேலே சொன்ன கதையில் தாமதம் சோம்பலால் வரவில்லை. மூன்று பேர் மூன்று நாளில் தனித்தனியாகப் பார்த்ததால் வந்தது. அது சரியாகாவிட்டால் எந்தக் கிழமையைக் குறித்தாலும் பலன் இல்லை.

கெடு தவறினால் என்ன ஆகும் என்பதையும் எழுதியாக வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் எனச் சிலர் எழுதுகிறார்கள். விலையும் தள்ளுபடியும் உள்ள பதிவுக்கு அது ஆபத்து. தப்பான விலையைக் காட்டி வாடிக்கையாளர் கவுன்டரில் சண்டை போட்டால், எழுதிய விதி அங்கே உதவாது. அந்த இடத்தில், பட்டுச் சேலையை மடித்து வைப்பது எப்படி என்பது போல விலை இல்லாத, முன்பே ஒப்புதல் வாங்கிய பதிவு ஒன்று போகும் என்று சொல்லிவிடலாம். இப்படி நான்கைந்து கைவசம் இருந்தால் பக்கம் வெறிச்சோடாது. தாமதமான பதிவு அடுத்து காலியாக உள்ள நாளுக்குப் போகும்.

திடீர் சரக்கு வரவுக்கும் வழி விட வேண்டும். வாரத்துக்கு ஒரு அவசரப் பதிவு, காலை 11 மணிக்குள் படமும் விலையும் வந்தால் அன்று மாலையே போடுவோம் என்பது நியாயமான அளவு. அதை வரம்பில்லாமல் விட்டால் எல்லாப் பதிவும் அவசரப் பதிவாகிவிடும்.

கடிதத்தின் கடைசி வரி நிறுவனத்துக்கானது: “செவ்வாய் 12 மணிக்கு நாங்கள் அனுப்பத் தவறினால், எத்தனை மணி நேரம் தாமதித்தோமோ அத்தனை மணி நேரம் உங்கள் கெடுவும் தள்ளிப்போகும்.”