முதலில் மெஸ், பிறகு பாடம்

விடுதியில் டைம் டேபிள் போட உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் படிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ‘இரவு 8 முதல் 10 வரை கணக்கு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். மெஸ் திறந்திருப்பதும் அதே நேரம்தான். பசி ஜெயிக்கும், அட்டவணை தோற்கும். நம்மால் நகர்த்த முடியாத நேரங்களை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தில் படிப்பை வைப்பதே சரியான வரிசை.

இரண்டாம் ஆண்டு பொறியியல் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வகுப்பு காலை 8.45 முதல் மாலை 4.15 வரை. மெஸ்ஸில் காலை உணவு 7 முதல் 8.30 வரை, இரவு உணவு 7.30 முதல் 9 வரை. டீ குடித்து, விளையாடி, குளித்து வந்தால் மாலை போய்விடும். ஆக, படிப்புக்கு உறுதியாகக் கிடைப்பது இரவு 9 முதல் 11 வரைதான். ஐந்து இரவுக்குப் பத்து மணி நேரம். சிக்கன் போடும் இரவில் வரிசை நீளும் என்பதால், 7.30 மணிக்கே தட்டோடு நிற்பவருக்குத்தான் அந்த இரண்டு மணி நேரம் முழுதாகக் கிடைக்கும்.

வியாழன் பிற்பகல் லேப் என்றால், அன்றிரவே ரெக்கார்டு எழுதிவிடலாம். எடுத்த ரீடிங் எதற்கு என்பது அப்போது நினைவில் இருக்கும். அடுத்த வாரம்வரை தள்ளினால், பக்கத்து அறை நோட்டைப் பார்த்துக் காப்பியடிப்பதில் முடியும்.

துணி துவைக்க ஓய்வு நேரம் மட்டும் போதாது. தண்ணீரும் கொடியும் வெயிலும் வேண்டும். ஞாயிறு காலையில் விடுதியே பக்கெட்டோடு நிற்கும், கொடியில் இடமிருக்காது. வெள்ளிக்கிழமை வொர்க்‌ஷாப் காக்கி தேவை என்றால் செவ்வாய் மாலையே துவைக்க வேண்டும். விளையாடப் போகும்முன் ஊறவைத்தால், வந்ததும் அலசிவிடலாம். புதன் முழுக்கக் காயும். மழை பெய்தாலும் வியாழன் கையில் இருக்கிறது. இரண்டாவது சலவையைச் சனி மதியம் வைத்துக்கொள்ளலாம்.

சனி காலை என்எஸ்எஸ். அதில் ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி செய்ய வேண்டும். கல்லூரி நடக்கும் வாரங்கள் சுமார் 30 என்று வைத்தால், வாரம் நான்கு மணி நேரம். இன்னொரு கிளப்பிலும் சேர்ந்தால் அது ஞாயிறு மாலையைத்தான் கேட்கும். ஞாயிறு மதியம் விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வரும். அங்கே பாடத்தை எழுதிவைப்பதில் பயனில்லை.

இன்டர்னல் தேர்வு வாரத்தில் கிளப் பணியைக் குறைத்து, அந்த மணி நேரத்தை அடுத்த வாரங்களில் ஈடுகட்டலாம். துவைப்பதைத் தள்ளக் கூடாது. தேர்வு முடிவதற்குள் சட்டை தீர்ந்துவிடும்.

அட்டவணை சரியா என்பதை இரண்டு வாரத்தில் மெஸ்ஸே காட்டிவிடும். காலை உணவு அடிக்கடி தவறினால், இரவுப் படிப்பு 11 மணியைத் தாண்டுகிறது என்று பொருள். அப்போது அரை மணி நேரத்தை இரவிலிருந்து எடுத்து, மாலை விளையாட்டுக்குப் பின் வையுங்கள்.