இன்டர்ன்ஷிப் கடிதம்: ‘சரி’ சொல்வதற்கு முன் கேட்க வேண்டியவை

கோவையில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு மாணவிக்குச் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாத இன்டர்ன்ஷிப். ‘மாதம் ரூ.15,000 வரை உதவித்தொகை, செயல்பாட்டைப் பொறுத்தது. வேலை நேரம் குழுவின் தேவைக்கேற்ப அமையும். இரண்டு நாளில் சம்மதம் தெரிவிக்கவும்.’ கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்.

அப்ரன்டிஸாகப் பதிவுசெய்து சேர்பவருக்கு 1961-ம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. அந்தப் பதிவு இல்லாத சாதாரண இன்டர்ன்ஷிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடிதத்தில் எழுதியிருப்பதே அவருக்கான பிடிமானம். அதனால் இந்த இரண்டு நாளில் மூன்று விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

கைக்கு வருவது எவ்வளவு?

‘வரை’ என்ற சொல் இருந்தால் ரூ.15,000 என்பது உச்சவரம்பு மட்டுமே. ரூ.5,000 கொடுத்தாலும் நிறுவனம் கடிதத்தை மீறியதாகாது. எனவே, “எப்படி வேலை செய்தாலும் உறுதியாகக் கிடைக்கும் தொகை எவ்வளவு? மீதியை யார், எதை வைத்து முடிவு செய்வார்கள்?” என்று கேட்க வேண்டும். மாதாமாதம் எந்தத் தேதியில் வரும், முதல் மாதத் தொகையை நிறுத்தி வைப்பார்களா, தேர்வுக்காக விடுப்பு எடுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். விடுதி வாடகையை முன்பணத்தோடு கட்ட வேண்டியவருக்குத் தொகையைப் போலவே தேதியும் முக்கியம்.

வரிப் பிடித்தமும் உண்டா என்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் உதவித்தொகையைத் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கில் எழுதி, 10% டிடிஎஸ் பிடிக்கின்றன. அப்படியானால் ரூ.15,000-ல் கைக்கு வருவது ரூ.13,500. மொத்த வருமானம் வரிவரம்புக்குள் இருந்தால் வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்து பிடித்த தொகையைத் திரும்பப் பெறலாம். ஆனால் அது வந்துசேர மாதங்கள் ஆகும்.

மாறாக, பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை என்று நம்மிடமே பணம் கேட்டால் அந்த வாய்ப்பை விட்டுவிடுவது நல்லது.

எத்தனை மணி நேரம்?

நேரம் தெரியாமல் தொகையை மதிப்பிட முடியாது. ரூ.15,000 தரும் நிறுவனம் வாரம் ஆறு நாள், நாளுக்கு 10 மணி நேரம் எதிர்பார்க்கிறது என்றால் மாதத்துக்கு 26 நாள், 260 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ரூ.58. ரூ.12,000 தரும் இன்னொரு நிறுவனத்தில் ஐந்து நாள், எட்டு மணி நேரம் என்றால் 22 நாளில் 176 மணி நேரம். அங்கே மணிக்கு ரூ.68. பெரிதாகத் தெரிந்த தொகை உண்மையில் சிறியது.

‘நெகிழ்வான நேரம்’ என்று சொன்னால் யாருடைய வசதிக்கு என்று கேளுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் குழு என்றால் கூட்டங்கள் இரவில் நடக்கலாம். அலுவலகம் வரும் நாட்கள், சனிக்கிழமை வேலை, கல்லூரி ரிவ்யூ, தேர்வு நாட்களுக்கான விடுப்பு ஆகியவற்றையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

யாரிடம் வேலை?

மாணவர்கள் பெரும்பாலும் கேட்கத் தவறுவது இதைத்தான். கடிதத்தில் கையெழுத்திடுபவர் எச்.ஆர். அதிகாரி. தினமும் வேலை கொடுத்து, எழுதிய நிரலைப் பார்த்துத் திருத்துபவர் வேறொருவர். கல்லூரியின் மதிப்பீட்டுப் படிவத்தில் வெளி வழிகாட்டி என்ற இடத்தில் பெயரும் பதவியும் முத்திரையும் வேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் சேர்ந்தால், கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு அலைய நேரும். நடுவே அந்த வழிகாட்டி வேலையை விட்டுப் போனால் அடுத்து யார் என்பதையும் கேட்கலாம்.

முடிந்தால் தினமும் வேலை கொடுக்கப்போகிறவரிடமே பத்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள். “முதல் இரண்டு வாரம் நான் என்ன செய்வேன்?” என்ற ஒரு கேள்வி போதும். திட்டம் வைத்திருப்பவர் குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்வார். ‘வந்த பிறகு பார்க்கலாம்’ என்பது பதிலாக வந்தால், உங்களுக்கென்று இன்னும் வேலை ஒதுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எப்படிக் கேட்பது?

தொலைபேசியில் பேசினாலும் அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும்: ‘வாய்ப்புக்கு நன்றி. சேர ஆர்வமாக இருக்கிறேன். மாதம் உறுதியான தொகை ரூ.12,000, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 முதல் மாலை 6.30, வழிகாட்டி இன்னார் என்று இன்று பேசினோம். இவற்றைக் கடிதத்தில் சேர்த்து அனுப்பினால் உடனே சம்மதம் தெரிவிக்கிறேன்.’

கடிதத்திலேயே சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கடிதங்களின் கடைசிப் பத்தியில், முந்தைய பேச்சும் கடிதப் போக்குவரத்தும் இனிச் செல்லாது என்ற வரி இருக்கும். அந்த வரியுள்ள கடிதத்தில் கையெழுத்திட்டால், மின்னஞ்சலில் பெற்ற உறுதி வலுவிழந்துவிடும். திருத்திய கடிதம் கைக்கு வந்த பிறகே கையெழுத்திடுங்கள்.