எப்போது தெரிந்தது?

"உங்க ப்ராஜெக்ட் எதுவாவது சொன்ன தேதிக்கு முடியாம போயிருக்கா?"

ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வி வராமல் இருப்பது அபூர்வம். பத்து வருட அனுபவத்தோடு வந்தவர், "இல்ல சார், எல்லாத்தையும் டைமுக்கு முடிச்சிருக்கேன்" என்று சொன்னால், எதிரே இருப்பவர் இரண்டில் ஒன்றை நினைப்பார். இவர் உண்மையைச் சொல்லவில்லை, அல்லது சுலபமான வேலைகளை மட்டுமே பார்த்தவர். எப்படிப் பார்த்தாலும் வேலை கிடைக்காது.

சென்னை ஓஎம்ஆர் சாலையின் ஐ.டி. கம்பெனி ஆகட்டும், கட்டுமான நிறுவனம் ஆகட்டும், இந்த நேர்முகத் தேர்வுகளில் நான்கு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ரிஸ்க்கை எப்படிக் கையாண்டீர்கள்? இரண்டு பெரிய தலைகள் மோதிக்கொண்டபோது என்ன செய்தீர்கள்? வேலை பாதியில் இருக்கும்போது கிளையன்ட் புதிதாக ஒன்றைக் கேட்டால்? டெட்லைன் தவறியபோது? கேள்விகள் நான்காக இருந்தாலும் கேட்பவர் தேடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான்: பிரச்சினை வருவது உங்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்ததும் யாரிடம் சொன்னீர்கள்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை ப்ராஜெக்டை எடுத்துக்கொள்வோம். நான்கு கிளைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனை, பழைய பில்லிங் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கொண்டுவருகிறது. அக்டோபரில் தொடக்கம். புது நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 அன்று நான்கு கிளைகளிலும் புது பில் வர வேண்டும். அந்த ப்ராஜெக்டை நடத்திய பெண் இப்போது வேறு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ரிஸ்க். இங்கேதான் பலர் புத்தக வரையறைக்குள் ஓடி ஒளிகிறார்கள். "தவிர்க்கலாம், குறைக்கலாம், வேறொருவர் தலையில் மாற்றிவிடலாம், ஏற்றுக்கொள்ளலாம்" என்று நான்கு வழிகளையும் சான்றிதழ் பரீட்சைக்குப் படித்தபடி ஒப்பிப்பார்கள். தப்பில்லை, ஆனால் அதை வைத்து இவர் எப்படி வேலை செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் பெண் வேறு மாதிரி தொடங்குகிறார்: "பழைய டேட்டாபேஸின் உள்விவரம் தெரிஞ்சவர் மருத்துவமனையில ஒரே ஒருத்தர்தான். அவர் வேலையை விட்டா டேட்டா மாத்தற வேலை நின்னுடும். முதல் வாரமே ரிஸ்க் ரெஜிஸ்டர்ல எழுதினேன்."

இந்தப் பதிலில் காரணம் இருக்கிறது, நடக்கக்கூடியது இருக்கிறது, நடந்தால் விளையும் சேதமும் இருக்கிறது. "ஆள் பற்றாக்குறை" என்று ஒரே வார்த்தையில் எழுதப்பட்ட ரிஸ்க்கை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்துவிட முடியாது. கேட்பவர் அடுத்து, அந்த ரிஸ்க்குக்கு யார் பொறுப்பு, என்ன அறிகுறி தெரிந்தால் மாற்றுத் திட்டம் தொடங்கும் என்று கேட்பார். இங்கே அறிகுறி, அந்த ஊழியர் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது. ஐந்தாவது வாரம் கொடுத்தும்விட்டார். நோட்டீஸ் காலத்தில் அவர் பக்கத்தில் ஒரு டெவலப்பரை உட்கார வைத்து, எல்லாவற்றையும் எழுதி வாங்கினார்கள். அதன் பிறகு அது ரிஸ்க் இல்லை, நடந்தேவிட்ட பிரச்சினை. இந்த இரண்டுக்குமான வித்தியாசம் தெரியாமல் குழப்புகிறவரைக் கேட்பவர் உடனே குறித்துக்கொள்வார்.

எச்சரிக்கை கையில் இருந்தும் கோட்டைவிட்ட கதைக்கு, இத்துறையில் இன்றுவரை பாடமாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம். நிலையம் முழுவதற்கும் தானாகவே பெட்டிகளைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார்கள். திறப்பு 1993 அக்டோபர் என்று நாள் குறித்தாகிவிட்டது. பெட்டி அமைப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1992-இல். அந்த அவகாசம் போதாது என்று வேறு நிறுவனங்கள் முன்பே சொல்லியிருந்தன. ஜெர்மனியின் மியூனிக்கில் இதைவிட எளிய அமைப்பையே இரண்டு வருடம் சோதித்து, திறப்புக்கு முன் ஆறு மாதம் இரவுபகலாக ஓட்டிப் பார்த்தோம் என்று அங்குள்ளவர்களும் எச்சரித்தார்கள். 1994-இல் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அமைப்பை ஓட்டிக்காட்டியபோது பெட்டிகள் கிழிந்து, துணிமணிகள் சிதறின. அதன் பிறகுதான், சுமார் 5 கோடி டாலர் செலவில், வண்டியில் இழுத்துச் செல்லும் சாதாரண முறையை மாற்று ஏற்பாடாகச் செய்தார்கள். முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டிய மாற்றுத் திட்டம் அது. நிலையம் திறந்தது 1995 பிப்ரவரி கடைசியில், 16 மாதத் தாமதத்தோடு.

டென்வரில் இன்னொன்றும் நடந்தது. அந்த அமைப்பை அன்றாடம் பயன்படுத்தப்போகிற விமான நிறுவனங்களைத் தொடக்கத் திட்டமிடலில் சரியாகச் சேர்க்கவில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் மாற்றம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் பேசியிருந்தும், பிறகு அவர்கள் கேட்ட மாற்றங்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தன. தேதி மட்டும் நகரவில்லை, நகர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலை வரும்வரை.

மோதல் பற்றிய கேள்விக்கு மருத்துவமனைக் கதையில் நல்ல விடை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் ஒப்புதல் வராமல் கடைசி பில் அச்சாகவே கூடாது என்றார் நிதித்துறைத் தலைவர். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நோயாளி மாலைவரை படுக்கையில் காத்திருக்கிறார், பில்லை உடனே கொடுங்கள் என்றார் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட். இரண்டு பேருமே மூத்தவர்கள். மீட்டிங்கில் குரல் உயர்ந்தது.

"ரெண்டு பேரையும் உட்கார வச்சுப் பேசி சமாதானம் பண்ணினேன்" என்பது எல்லோரும் சொல்லும் பதில். கேட்பவருக்கு அது காதிலேயே விழாது. நம் பெண் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். நிதித்துறைக்காரர் பயந்தது, இன்ஷூரன்ஸ் கம்பெனி பிறகு கைவிரித்தால் பணம் போய்விடுமே என்று. நர்சிங் தலைவிக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பவர்களுக்குப் படுக்கை வேண்டும். இரண்டு கோரிக்கைகளும் மோதினாலும் இரண்டு கவலைகளும் மோதவில்லை. முந்தின நாள் மாலையே உத்தேச பில்லை இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் வசதியை மென்பொருளில் வைத்தால், மறுநாள் மாறிய தொகைக்கு மட்டும் ஒப்புதல் கேட்டால் போதும். இந்த யோசனையை எழுத்தில் வைத்து, முடிவை மருத்துவமனையின் தலைமை நிர்வாக அதிகாரியிடம் விட்டார். கடைசிச் செயல் முக்கியமானது. முடிவெடுக்கும் அதிகாரம் தனக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் அவர். எல்லாச் சண்டையையும் தானே தீர்த்ததாகச் சொல்லும் மேனேஜரை அனுபவசாலிகள் நம்புவதில்லை.

மூன்றாவது கேள்வி ஸ்கோப். பத்தாவது வாரம் மருத்துவ இயக்குநர் வந்து, பரிசோதனை முடிவுகளும் பில்லோடு வாட்ஸ்அப்பில் போக வேண்டும் என்கிறார். "சின்ன வேலைதானே!" உடனே சரி என்பவரும் தவறுகிறார், ஒப்பந்தத்தைக் காட்டி முடியாது என்பவரும் தவறுகிறார். நல்ல பதில், அதன் விலையைச் சொல்வது: இரண்டு டெவலப்பர்களுக்கு மூன்று வாரம், நோயாளியின் ஒப்புதல் வாங்கும் படிவம், மறுபடி ஒரு சோதனைச் சுற்று. இதைச் சேர்த்தால் தேதி தள்ளும், அல்லது அதே அளவுள்ள வேறொன்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்தில் செய்யலாம். சேஞ்ச் ரிக்வெஸ்ட் எழுதி மூன்றையும் முன்னால் வைத்ததும், இயக்குநரே இரண்டாம் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கே ஒப்பந்த வகை என்ன என்றும் சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். மொத்த விலை பேசிய ஒப்பந்தத்தில், இலவசமாகச் செய்துகொடுத்த ஒவ்வொரு மாற்றமும் கம்பெனியின் லாபத்திலிருந்து போகும். வேலை செய்த மணிக்குக் காசு என்றால் அடி தேதியில் விழும். இதைத் தானாகவே சொல்கிறவர் வரவு செலவும் பார்த்தவர் என்று தெரிந்துவிடும்.

இனி, எல்லோரும் பயப்படும் நான்காவது கேள்வி. பதினான்காவது வாரம் சோதனைக்காகக் கொஞ்சம் டேட்டாவை மாற்றிப் பார்த்தபோது, ஆயிரம் பதிவுகளில் 110-இல் நோயாளியின் முன்பண இருப்பு ஒத்துவரவில்லை. சரிசெய்ய ஆறு வாரம் கூடுதலாகும். கையில் இருந்த உபரி இரண்டு வாரம். ஏப்ரல் 1 நடக்காது.

"அந்த வாரமே தலைமை நிர்வாகியிடம் சொல்லிட்டேன்" என்கிறார் அவர். கேட்பவர் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுதான். இன்னும் பத்து வாரம் இருக்கும்போது வந்த கெட்ட செய்தியை வைத்து மருத்துவமனையால் ஏதாவது செய்ய முடியும். மார்ச் 28 அன்று வந்தால் கத்த மட்டுமே முடியும். வெறும் கையோடும் அவர் போகவில்லை: நான்கு கிளைகளையும் நான்கு வாரம் தள்ளலாம், அல்லது டேட்டா சுத்தமாக இருந்த இரண்டு கிளைகளை ஏப்ரல் 1 அன்றே தொடங்கி மற்றவற்றை மே மாதம் சேர்க்கலாம். மருத்துவமனை இரண்டாவதை எடுத்தது.

அவருடைய கம்பெனி மேலதிகாரி இன்னும் நான்கு பேரைச் சேர்த்து வேகப்படுத்தச் சொன்னாராம். அவர் மறுத்தார். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம் கம்பெனியில் பெரிய மென்பொருள் ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதே பழையவரின் நேரத்தைத் தின்னும். பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகளும் பெருகும். ஆறு பேருக்குள் 15 ஜோடி, பத்துப் பேருக்குள் 45. அவர் சேர்த்தது ஒரே ஒருவரை: வேலையை விட்டுப் போன அந்தப் பழைய டேட்டாபேஸ்காரரை, வார இறுதிகளில் மட்டும், தினக்கூலி ஒப்பந்தத்தில். எழுதி வாங்கிய குறிப்புகளில் விட்டுப்போனது முன்பணக் கணக்குதான் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். கேள்வி வரும் முன் சொன்னதால் அது பலவீனமாகத் தெரியவில்லை.

சொந்தக் கதையா, மனப்பாடமா என்று கண்டுபிடிக்க நேர்காணல் எடுப்பவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்வதில்லை. இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குப் போவார்கள், அவ்வளவுதான். அது எந்த வாரம்? யார் எதிர்த்தார்? அவர் சொன்ன காரணம் என்ன? இணையத்தில் எடுத்த கதைக்கு இரண்டாவது கேள்வியிலேயே மூச்சு வாங்கும். இன்னொரு சிக்கல் அடக்கம். "டீமா சேர்ந்து பண்ணினோம்" என்றே கடைசிவரை பேசுகிறவர் என்ன செய்தார் என்பது வெளியே தெரிவதே இல்லை. அதைவிட மோசம், தாமதத்துக்கெல்லாம் கிளையன்ட்தான் காரணம் என்று முடிக்கும் பதில். நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார் என்று எதிரே இருப்பவர் கணக்குப் போடுவார்.

கடைசியில், "நீங்க ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலரும் சம்பளம் கேட்பார்கள், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்பார்கள். நம் பெண் இரண்டு கேட்டார். இங்கே ஸ்கோப் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவது யார்? தேதி தள்ளும் என்று முன்கூட்டியே சொன்ன மேனேஜருக்குக் கடைசியாக என்ன நடந்தது? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது. இரண்டாவதற்கு, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சம்பளம் பேசுவதற்கு முன் அந்தக் கேள்வியை அவர் இன்னொரு முறை கேட்டார்.