சேமிப்பு விகிதமும் நிகர மதிப்பும்: ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கும் மாதக் கணக்கு

ஒரு குடும்பத்தின் வருமானத்தில் செலவு போக எஞ்சுவதைச் சதவீதமாகச் சொல்வது சேமிப்பு விகிதம். குறிப்பிட்ட ஒரு நாளில் குடும்பத்துக்குச் சொந்தமான சொத்துகளின் மொத்தத்திலிருந்து அது தீர்க்க வேண்டிய கடன்களைக் கழித்தால் கிடைப்பது நிகர மதிப்பு. முன்னது ஒரு மாதம் முழுவதும் நடந்த வரவு செலவைக் காட்டுகிறது. பின்னது மாதக் கடைசி நாளன்று இருக்கும் நிலையைக் காட்டுகிறது. சேமித்த பணம் எங்கேனும் சொத்தாகச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லது கடனைக் குறைத்திருக்க வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே விரிதாளில் எழுதினால் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

மாதத்துக்கு ஒரு வரிசை போதும். A பத்தியில் மாதம், B-யில் வருமானம், C-யில் எழுதிவைத்த செலவு, D-யில் மாத இறுதி நிகர மதிப்பு, E-யில் விலை ஏற்ற இறக்கத்தால் மட்டும் நேர்ந்த மாற்றம் ஆகியவற்றை நிரப்பினால், மற்ற மூன்று பத்திகளைச் சூத்திரங்களே கணக்கிடும்.

```
F3: =D3-D2-E3
G3: =F3/B3
H3: =B3-C3-F3
```

F உண்மையான சேமிப்பு, G சேமிப்பு விகிதம், H கணக்கில் வராத தொகை.

மாதம் 64,050 ரூபாய் கைக்கு வரும், 30,000 ரூபாய் அடிப்படை ஊதியமுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வருங்கால வைப்பு நிதிக்காகப் பிடிக்கப்படும் 12 சதவீதமான 3,600 ரூபாய் தொழிலாளியின் பணமே ஆதலால், அது வருமானத்திலும் சேமிப்பிலும் சேர வேண்டும். நிறுவனம் செலுத்தும் 3,600 ரூபாயில், 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்புக் கணக்குப்படி 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுவதால், மீதி 2,350 ரூபாயை மட்டும் சேர்த்தால் மாத வருமானம் 70,000 ரூபாய் ஆகிறது.

இக்குடும்பத்துக்கு 8.4 சதவீத வட்டியில் 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் நிலுவையில் உள்ளது. மாதத் தவணை 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் வட்டி, அது செலவு. 4,000 ரூபாய் அசல், அது கடனைக் குறைப்பதால் சேமிப்பு. வீட்டுச் செலவாக எழுதிவைத்த 34,050 ரூபாயை வட்டியோடு கூட்டினால் C-யில் 48,050 வருகிறது. எனவே 21,950 ரூபாய், அதாவது வருமானத்தில் 31.4 சதவீதம், மிஞ்சியிருப்பதாகத் தோன்றும்.

ஆனால் நிகர மதிப்பு 27,20,000 ரூபாயிலிருந்து 27,46,950 ரூபாயாக, அதாவது 26,950 ரூபாய் உயர்ந்திருக்கிறது. வீட்டிலுள்ள 80 கிராம் தங்கத்தின் விலை கிராமுக்கு 100 ரூபாய் ஏறியதால் வந்த 8,000 ரூபாயை E-யில் எழுதினால், உண்மையான சேமிப்பு 18,950 ரூபாய், விகிதம் 27.1 சதவீதம் என்று தெரிகிறது. வைப்பு நிதிக்கு 5,950, கடன் அசலுக்கு 4,000, தொடர் வைப்புக்கு 5,000, வங்கி இருப்பின் உயர்வு 4,000 என்று தனித்தனியே கூட்டினாலும் அதே தொகைதான் வருகிறது. H பத்தியில் நிற்கும் 3,000 ரூபாய், கைமாறியும் எழுதப்படாமல் போன செலவு.

H எதிர்மறையாக வந்தால், ஏதோ வருமானம் விடுபட்டிருக்கிறது அல்லது சேமிப்பு செலவாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். முழுத் தவணையையும் செலவில் எழுதினால் அசல் தொகையின் அளவுக்கும், நிறுவனத்தின் பங்கை வருமானத்தில் விட்டுவிட்டால் 2,350 ரூபாய் அளவுக்கும் H குறையும்; ஆகவே வித்தியாசத் தொகையே பெரும்பாலும் பிழையின் இடத்தைச் சுட்டிவிடும்.

சொத்துகளை மதிப்பிடும் முறை மாதத்துக்கு மாதம் மாறினால் இச்சோதனை பயன்படாது. வீட்டை வாங்கிய விலையிலேயே வைத்திருப்பதும், நகையைச் செய்கூலி, சேதாரம் நீக்கித் தங்கத்தின் எடைக்கு மட்டும் மதிப்பிடுவதும் பாதுகாப்பானவை. சீட்டை எடுக்கும்வரை கட்டிய தவணைகள் சொத்து. எடுத்த பிறகு கட்ட வேண்டிய தவணைகள் கடன். கிரெடிட் கார்டின் மாத இறுதி நிலுவையும் கடன் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

பள்ளிக் கட்டணமும் காப்பீட்டுப் பிரீமியமும் வரும் மாதத்தில் விகிதம் சரிவதும், போனஸ் மாதத்தில் எகிறுவதும் இயல்பாதலால், ஒரு மாத விகிதத்தைக் கொண்டு முடிவெடுப்பது பொருந்தாது. மாத விகிதங்களைச் சராசரி எடுத்தால் குறைந்த வருமான மாதங்களுக்கும் சம எடை கிடைத்துவிடும் என்பதால், 12 மாதச் சேமிப்பின் கூட்டுத்தொகையை 12 மாத வருமானத்தின் கூட்டுத்தொகையால் வகுப்பதே சரியான வழி.

```
=SUM(F3:F14)/SUM(B3:B14)
```