ஓட்டுநரின் உறக்கமும் லாரியின் பட்டறை நாளும்

ஒரு சரக்கு லாரி சொன்ன நாளில் போய்ச் சேருமா என்பதை இரண்டு அட்டவணைகள் முடிவு செய்கின்றன. ஓட்டுநர் எப்போது ஓட்டுகிறார், எப்போது உறங்குகிறார் என்பது ஒன்று. லாரி எப்போது பட்டறைக்குப் போகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாட்கள் வேண்டும். அந்த நாட்களில் லாரிக்கு வாடகை வராது. அதனால் தொழிலில் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுபவை இவையே. ஒன்றை வெட்டினால் மற்றதும் கெடுகிறது. இரண்டையும் பிணைக்கும் கணக்கை ஒரு நெடும்பயணத்தை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

நாமக்கல்லிலிருந்து டெல்லிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி மேடு, ஊர், சுங்கச்சாவடி எல்லாவற்றையும் கடந்து சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், 60 மணி நேர ஓட்டம். ஓர் ஓட்டுநர் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் ஏழரை நாள் ஆகும். 10 மணி நேரம் ஓட்டினால் ஆறு நாள். இரண்டு ஓட்டுநர்கள் ஆளுக்கு 8 மணி நேரம் மாறி மாறி ஓட்டினால் நான்கு நாளுக்குள் முடிந்துவிடும். சரக்கு அனுப்புபவர் நான்கே நாளில் கேட்டு, வண்டியில் ஒரே ஓட்டுநர்தான் இருக்கிறார் என்றால், அவர் நாளுக்கு 15 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தாக வேண்டும். டீசலையோ வேகத்தையோ கூட்டி இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இந்தியச் சட்டம் இந்த எல்லையை நெடுங்காலத்துக்கு முன்பே வரைந்துவிட்டது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வகுத்தது. நெடுந்தூர வழித்தடங்களில் உரிய அதிகாரியின் அனுமதியோடு இதை 10 மணி, 54 மணி எனக் கூட்ட அது இடம் கொடுத்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி ஓய்வு வேண்டும் என்றது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும் முன் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரம் கிடைக்க வேண்டியிருந்தது. இடைவெளிகளையும் சேர்த்து வேலை 12 மணி நேரத்துக்கு மேல் பரவக் கூடாது என்றும் அச்சட்டம் சொன்னது. பின்னர் வந்த 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் எட்டு மணி நேர அடிப்படையையே வைத்திருக்கிறது.

எல்லை இருந்தும் அது சாலையில் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் உரிமையாளர்களோ இத்தொழிலில் ஏராளம். தேசிய பெர்மிட் லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் கட்டாயம் என்றிருந்த விதியும் 2018இல் நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரியில் பொருத்திய டேக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிட ஓட்டத்தையும் பதிந்து வைக்கிறது. அங்கே நாளுக்கு 9 மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். அதனால் சரக்கு அனுப்புபவரும் இந்த எல்லையை வைத்தே நாள் குறிக்கிறார்.

ஓட்டும் நேரத்தைவிடச் சிக்கலானது காத்திருக்கும் நேரம். கிடங்கு வாசலில் வெறுமனே காத்திருப்பது 15 நிமிடத்துக்கு உட்பட்டிருந்தால்தான் சட்டப்படி வேலை நேரத்தில் சேரும். மணிக்கணக்காக ஹால்டிங் போட்டால் அது எட்டு மணி நேரக் கணக்கில் வராது. ஆனால் ஓட்டுநரின் உடம்பு அதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. காலை 6 மணிக்கு எழுந்தவர் 8 மணிக்குக் கிடங்குக்கு வந்து, இரவு 8 மணிக்கு லோடு ஏறிப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இன்னும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. ஆனால் 12 மணி நேரப் பரவல் அப்போதே தீர்ந்துவிட்டது. இரவு 11 மணிக்கு அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிறது. அந்த நிலையில் மனிதரின் எதிர்வினை, இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப் போல மந்தமாகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தியாவில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். அதற்குப் பிறகு வருவது விடியலுக்கு முந்தைய 2 மணி முதல் 5 மணி வரையிலான வேளை. நன்றாக உறங்கியவருக்கே கண் சொருகும் நேரம் அது.

இனி லாரியின் அட்டவணை. பராமரிப்பில் சில வேலைகள் கிலோமீட்டரைப் பொறுத்தவை: எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிரீஸ், டயர் மாற்றிப் போடுதல், வீல் அலைன்மென்ட். ஆயில் மாற்றும் இடைவெளி தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். புதிய வண்டிகளில் அது பழைய வண்டிகளைவிடப் பலமடங்கு நீண்டிருக்கிறது. இந்த நீட்சியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. முன்பெல்லாம் ஆயில் மாற்ற வரும் சாக்கில் மெக்கானிக் பிரேக் லைனரையும் வீல் பேரிங்கையும் பார்த்துவிடுவார். இப்போது ஆயிலுக்காக வண்டி அடிக்கடி வருவதில்லை. ஆனால் லைனர் முன்போலவே தேய்கிறது. அதனால் பிரேக், பேரிங், டயர், காற்றுக் குழாய் ஆகியவற்றைப் பார்க்கத் தனியே நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

வேறு சில வேலைகள் தினமும் ஓட்டுநர் கையில் இருப்பவை. புறப்படும் முன் வண்டியைச் சுற்றி வந்து காற்று, ஆயில், கூலன்ட், வீல் நட், விளக்குகளைப் பார்ப்பது. ஏர் டேங்கில் தேங்கிய நீரை வெளியேற்றுவது. பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் டெஃப் எனப்படும் யூரியாக் கரைசல் போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பது. டெஃப் தீர்ந்தாலோ தரம் குறைந்தாலோ எஞ்சினின் கணினி இழுவையைக் குறைத்துவிடும். பாரத்தோடு மேடேற முடியாது. தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையை இவற்றுக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. எட்டு வயது வரையுள்ள சரக்கு வாகனத்துக்கு அது இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும்தான் வருகிறது.

இரண்டு அட்டவணைகளும் ஒன்றையொன்று கெடுப்பது இந்த அன்றாடச் சோதனையில்தான் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் மட்டுமே உறங்கிய ஓட்டுநர் வண்டியைச் சுற்றி வருவதை விட்டுவிடுகிறார். பின் சக்கரம் ஒன்றில் காற்று குறைந்திருப்பது தெரியாமல் போகிறது. இரட்டைச் சக்கரத்தில் ஒன்று இளகினால் மற்றது பாரம் முழுவதையும் தாங்கிச் சூடேறி வெடிக்கிறது. களைப்பில் கிளட்சில் கால் வைத்தபடியே ஓட்டுகிறார், தாமதமாகவும் அழுத்தமாகவும் பிரேக் பிடிக்கிறார். லைனரும் கிளட்சும் காலத்துக்கு முன்பே தேய்கின்றன. வண்டி நடுவழியில் நின்றால் அவர் சரக்குக்குக் காவலாகச் சாலையோரத்தில் விழித்திருக்கிறார். வண்டி சரியானதும், இழந்த நேரத்தைப் பிடிக்க அதே உறக்கமின்மையோடு இரவெல்லாம் ஓட்டுகிறார்.

இதன் விலையை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். கடன் தவணை, காப்பீடு, வரி, பெர்மிட், இரண்டு ஓட்டுநர்களின் சம்பளம் ஆகியவை சேர்ந்து ஒரு லாரிக்கு மாதம் 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு 4,000 ரூபாய் செலவு. டெல்லி போய்வர எட்டு நாள் ஓட்டம். இரு முனைகளிலும் லோடு ஏற்ற, இறக்க, ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருக்க நான்கு நாள். ஆக 12 நாளில் ஒரு நடை. பட்டறைக்கு ஒரு நாள் ஒதுக்கினால் 13 நாள். பராமரிப்பே இல்லாவிட்டால் மாதம் 12,000 கிலோமீட்டர் ஓடலாம். பட்டறை நாளைச் சேர்த்தால் ஏறத்தாழ 11,100 கிலோமீட்டர்தான். இந்த 900 கிலோமீட்டர் இழப்புதான் உரிமையாளரின் கண்ணை உறுத்துகிறது.

பட்டறை நாளின் செலவு: நின்ற நாளுக்கு 4,000, வேலைக்கும் பொருளுக்கும் 6,000, மொத்தம் 10,000 ரூபாய். இப்போது கிரீஸ் வற்றிய ஒரு வீல் பேரிங் நெடுஞ்சாலையில் இறுகிப்போகிறது என்று கொள்வோம். மூன்று நாள் நிற்பதில் 12,000. மெக்கானிக்கை வரவழைக்க, உதிரிபாகம் கொண்டுவர, கெட்ட ஆக்சிலைச் சீராக்க 20,000. தாமதத்துக்காக வாடகையில் பிடித்தம் 10,000. மொத்தம் 42,000 ரூபாய். அதாவது, நான்கு நடைக்கு ஒரு பெரும் பழுதைத் தவிர்த்தாலே பட்டறை நாளின் செலவு திரும்பிவிடுகிறது. பத்து நடைக்கு ஒருமுறைதான் பழுது வரும் என்றால், ஒவ்வொரு நடைக்கும் முழு நாள் ஒதுக்குவது மிகை; இரண்டு மூன்று நடைக்கு ஒருமுறை போதும். தன் வண்டியின் பழுதுக் கணக்கை எழுதி வைத்தவருக்கே இந்த இடைவெளியைச் சரியாகக் குறிக்க முடியும்.

பட்டறை நாளைத் தனியாகக் கூட்டாமல், முனைகளில் வீணாகும் நான்கு நாளுக்குள் வைப்பதே கணக்கைச் சுலபமாக மாற்றும் வழி. சொந்த ஊரில் லோடுக்குக் காத்திருக்கும் நாளில் லாரி பட்டறையில் இருக்கும், ஓட்டுநர் வீட்டில் உறங்குவார். இதற்கு உதிரிபாகங்கள் முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வண்டி வருவதற்கு முன்பே ஓட்டுநர் குறைகளைச் சொல்லியிருக்கவும் வேண்டும். கிடங்கில் குறித்த நேரத்தில் லோடு ஏற்ற ஏற்பாடு செய்து ஒரு நாளை மிச்சப்படுத்தினால், 13 நாள் நடை மறுபடியும் 12 நாளாகிவிடும். இழந்த 900 கிலோமீட்டர் யாருடைய உறக்கத்தையும் வெட்டாமல் திரும்பக் கிடைக்கும்.

மற்றொரு வழி ஓட்டுநர் ரிலே. சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறுவார். இறங்கியவர் எதிர்த்திசையில் வரும் லாரியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவார். லாரி நிற்காமல் ஓடும். இந்தியாவில் ரிவிகோ நிறுவனம் இம்முறையைப் பெரிய அளவில் நடத்தியது. 2022இல் அதன் விரைவுச் சரக்குத் தொழிலை மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் வாங்கியது. இருதிசையிலும் சம அளவில் சரக்கு இருந்தால்தான் ரிலே கட்டுபடியாகும். ஒரு பக்கம் குறைந்தால் ஓட்டுநர்கள் மாற்றுநிலையங்களில் வண்டியில்லாமல் காத்திருப்பார்கள். லாரி இடைவிடாமல் ஓடுவதால் கிலோமீட்டர் வேகமாக ஏறும்; பட்டறை நாளும் அதே வேகத்தில் நெருங்கிவரும். ஒரே வண்டியைப் பலர் ஓட்டும்போது, பிரேக்கில் கேட்கும் புதுச் சத்தத்தை யாரும் தன் பொறுப்பாக நினைக்காமல் விடுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் குறைகளை எழுதிக் கையளிக்கும் ஏடு தேவைப்படுகிறது.

இரண்டு அட்டவணைகளும் சரியாக இருக்கின்றனவா என்பதைச் சில அடையாளங்களால் அறியலாம். டயரின் இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. வண்டி நின்றதும் ஒரு சக்கரத்தின் ஹப் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங் வற்றியிருக்கலாம், அல்லது பிரேக் விடாமல் உரசியிருக்கலாம். அதே வழித்தடத்தில் அதே பாரத்தோடு லிட்டருக்கு ஓடும் தூரம் குறைந்துகொண்டே வந்தால், வண்டியையும் ஓட்டும் முறையையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

உரிமையாளரின் குறிப்பேட்டில் மூன்று எண்கள் இருந்தால் போதும்: ஒவ்வொரு 10,000 கிலோமீட்டருக்கும் எத்தனை முறை வண்டி திட்டமின்றி நின்றது, கிடங்கு வாசலில் எத்தனை மணி நேரம் போனது, புறப்படும் முன் ஓட்டுநர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உறங்கினார். காத்திருப்பு கூடி உறக்கம் குறையும் மாதங்களிலேயே நிறுத்தங்களும் கூடுகின்றன என்று தெரிந்தால், கோளாறு பட்டறையில் இல்லை. சரக்கு அனுப்புபவரோடு பேசி லோடு ஏற்றும் நேரத்தைத் திருத்த வேண்டும். உறக்கம் சரியாக இருந்தும் நிறுத்தங்கள் கூடினால், பட்டறை இடைவெளியைக் குறைக்க வேண்டும்.