கொக்கி கிடைத்தால் பாயலாம்

1958-ஆம் ஆண்டு, யுகோஸ்லாவியாவின் போர்ட்டோரோஷ் நகரம். உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றில் பதினைந்து வயது பாபி ஃபிஷர், டென்மார்க்கின் பென்ட் லார்சனோடு ஆடுகிறார். சிசிலியன் தற்காப்பின் ‘டிராகன்’ வகை ஆட்டம் அது. வெள்ளைக் காய்களுடன் ஆடும் ஃபிஷரின் ராஜா இடப்புறம் கோட்டை கட்டியிருக்கிறது. கறுப்பின் ராஜா வலப்புறம். பதினேழாவது நகர்வில் ஃபிஷர் தன் வலது ஓரச் சிப்பாயை h4 கட்டத்துக்குத் தள்ளுகிறார். அடுத்த நகர்வில் அதே சிப்பாய் h5-க்குப் போகிறது. பதினைந்து நகர்வுகளுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது.

கோட்டை கட்டிய ராஜாவை நோக்கி ஓரச் சிப்பாய்களை விரட்டுவது பள்ளிப் போட்டிகளில் தினமும் நடப்பதுதான். ஆனால் அந்தத் தாக்குதல்களில் பல, எதிராளியின் சுவரில் முட்டி அப்படியே நின்றுபோகின்றன. மற்ற காய்களை முன்னே அனுப்பினால் தேவைப்படும்போது திருப்பி அழைத்துக்கொள்ளலாம். சிப்பாய்க்குப் பின்னோக்கி நடக்கும் உரிமை இல்லை. அது விட்டுப்போன கட்டங்கள் ஆட்டம் முடியும்வரை காவலற்றுக் கிடக்கும். அதனால்தான் எப்போது தள்ளுவது என்ற கேள்வி இவ்வளவு கனமானது. ஃபிஷரின் ஆட்டம் அதற்குத் தெளிவான பதில் தருகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, எதிராளியின் ராஜாவுக்கு முன் உள்ள சிப்பாய்கள் அசைந்திருக்கின்றனவா என்பது. டிராகனில் கறுப்பு தன் பிஷப்பை g7-இல் வைப்பதற்காக g சிப்பாயை g6-க்கு ஏற்றியிருக்கும். ஆட்டக்காரர்கள் இதைக் ‘கொக்கி’ என்பார்கள். வெள்ளையின் h சிப்பாய் இரண்டே நகர்வில் h5-ஐ அடைந்து அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. கறுப்பின் f, g, h சிப்பாய்கள் மூன்றும் தத்தம் இடத்தில் அசையாமல் இருந்திருந்தால், வெள்ளையின் g சிப்பாய் g6 வரை மூன்று நகர்வுகள் நடந்தால்தான் அவற்றைத் தொட முடியும். ஒரு நகர்வு வித்தியாசம்தானே என்று தோன்றும். இரு பக்கமும் எதிரெதிர்த் திசையில் ராஜாக்களைத் தேடி ஓடும் ஆட்டத்தில், வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு நகர்வில்தான் பிரிகின்றன.

கொக்கியில் மாட்டினால் மட்டும் போதாது. பாதை திறக்க வேண்டும். பத்தொன்பதாவது நகர்வில் ஃபிஷர் g6-இல் உள்ள சிப்பாயை வெட்டினார். கறுப்புக்கு அதைத் திருப்பி வெட்ட இரண்டு சிப்பாய்கள் இருப்பதுபோலத் தெரியும். f சிப்பாயால் வெட்டியிருந்தால் h வரிசை மூடியே இருந்திருக்கும். ஆனால் b3-இல் நின்ற ஃபிஷரின் பிஷப், மூலைவாட்டமாக f7 வழியே கறுப்பு ராஜாவைக் குறிபார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் வேறு காய் எதுவும் இல்லை. f சிப்பாய் நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் ஆகிவிடும் என்பதால் விதிப்படி அது நகரவே முடியாது. ஆக, h சிப்பாயால்தான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ஃபிஷரின் யானைக்கு எதிரே h வரிசை முழுவதும் திறந்துவிட்டது.

இதே நேரத்தில் லார்சன் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரும் சும்மா இருக்கவில்லை. b சிப்பாயை b4 வரை தள்ளி, யானைகள் இரண்டையும் c வரிசையில் அடுக்கி, c2 சிப்பாயைக் குறிவைத்தார். அந்தச் சிப்பாய்க்கு ராஜா, ராணி, பிஷப் என மூன்று காவல். வெள்ளை ராஜாவின் முன்னால் இருந்த a, b, c சிப்பாய்களில் ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை. கறுப்புக்குக் கொக்கி கிடைக்கவே இல்லை. இருபதாவது நகர்வில் அவர் a சிப்பாயை எடுத்து a5-க்கு வைத்தபோது, a3-ஐ அடைந்து வெள்ளைச் சிப்பாயைத் தொட இன்னும் இரண்டு நகர்வுகள் தேவைப்பட்டன. ஃபிஷரோ வரிசையை ஏற்கெனவே திறந்துவிட்டார்.

பிறகு நடந்தது வேகமானது. ஃபிஷரின் g சிப்பாய் g5-க்கு வந்து குதிரையை விரட்டியது. குதிரை h5-க்குப் போய் வரிசையை அடைத்துக்கொண்டது. ஃபிஷர் தயங்காமல் யானையைக் கொடுத்து அந்தக் குதிரையை எடுத்தார். கறுப்பு g சிப்பாயால் யானையை வெட்ட, வெள்ளையின் g சிப்பாய் g6-க்கு ஏறியது. பிஷப்பின் பார்வையில் சிக்கியிருந்த f சிப்பாயால் இப்போதும் அதைத் தொட முடியவில்லை. லார்சன் நடுப்பலகையில் d சிப்பாயைத் தள்ளி எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது அவருடைய ராஜாவின் அரண் உடைந்து போயிருந்தது. 31-ஆவது நகர்வில் வெள்ளை ராணி செக் கொடுத்ததும் அவர் விலகினார்.

சிப்பாய்ப் பாய்ச்சலுக்கு முன் இந்த வரிசையில்தான் கணக்கு போட வேண்டும்: கொக்கி எத்தனை நகர்வில் கிடைக்கும், மாட்டியபின் எதிராளியால் பாதையை மூடிவிட முடியுமா, அவருக்கு நம் ராஜாவைத் தொட எத்தனை நகர்வு. கொக்கி தானாக இல்லாத இடத்தில் எதிராளியே அதைத் தருவதும் உண்டு. பிஷப் வந்துவிடுமோ என்ற பயத்தில் h சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி h6-இல் வைப்பவர்கள், வெள்ளையின் g சிப்பாய்க்கு இரண்டு நகர்வில் மாட்டிக்கொள்ள இடம் கொடுத்துவிடுகிறார்கள்.

கறுப்பும் பாடம் கற்றது. 1995-இல் நியூயார்க்கின் உலக வர்த்தக மையத்தில் காஸ்பரோவுக்கும் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்துக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினோராவது ஆட்டமும் டிராகன்தான். பன்னிரண்டாவது நகர்வில் ஆனந்த் h4 ஆடியதும், காஸ்பரோவ் தன் h சிப்பாயை h5-க்கு வைத்து வழியை அடைத்தார். வெள்ளை மேலே போக வேண்டுமானால் g4 ஆடி ஒரு சிப்பாயைப் பலி கொடுத்தாக வேண்டும். அடுத்த நகர்விலேயே காஸ்பரோவின் குதிரை c4-க்குப் பாய்ந்தது. அதை எடுக்க ஆனந்த் பிஷப்பைக் கொடுத்தார். f7-ஐக் கட்டிப்போடும் அதே பிஷப்தான் அது. அது பலகையிலிருந்து போனபின் தாக்குதலுக்குக் கூர்மை இல்லை. இருபதாவது நகர்வில் ராணிகளும் மாறிக்கொண்டன. ஆனந்த் அந்த ஆட்டத்தில் தோற்றது பின்னால் செய்த ஒரு தவறால்தான். ஆனால் சிப்பாய்ப் பாய்ச்சல் அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டிருந்தது.

இரண்டு ராஜாக்களும் ஒரே பக்கம் கோட்டை கட்டியிருந்தால் கணக்கு இன்னும் கடினம். அப்போது தள்ளப்படும் சிப்பாய்கள் தன் சொந்த ராஜாவின் கூரையாக இருந்தவை. அப்படியும் தள்ளலாம், பலகையின் நடுப்பகுதி சிப்பாய்களால் பூட்டப்பட்டிருந்தால். திறந்த நடுப்பகுதி வழியேதான் எதிராளியின் காய்கள் வெறுமையான ராஜாவை நோக்கிப் பாயும். 1953-இல் அர்ஜெண்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் நய்டோர்ஃபுக்கு எதிராக கிளிகோரிச் கறுப்பில் ஆடிய கிங்ஸ் இந்தியன் ஆட்டம் இதற்கு முன்மாதிரி. நடுவில் இரு பக்கச் சிப்பாய்களும் நேருக்கு நேர் பூட்டிக்கொண்டபின், கிளிகோரிச் f, g சிப்பாய்களை முன்னே அனுப்பினார். வெள்ளையின் f3 சிப்பாய் அவருக்குக் கொக்கியானது. நய்டோர்ஃப் மறுபக்கம் c சிப்பாயைத் தள்ளி, பூட்டின் அடித்தளமான d6-ஐத் தாக்கத் தொடங்கினார். அங்கே கிளிகோரிச் அவசரப்படவில்லை. g4 ஆடுவதற்கு முன் யானையை f7-க்கும் பிஷப்பை f8-க்கும் கொண்டுவந்து, இரண்டு நகர்வுகளை d6-இன் காவலுக்காகச் செலவிட்டார். அதன்பிறகே g சிப்பாய் நகர்ந்தது. 42 நகர்வுகளில் வெற்றி அவருக்கு.